நைட் ஓவர் ரெக்கார்டிங்கை ஒரே தாளில் எழுதுவது எப்படி? (வார்டு நர்ஸ்களுக்கு ஒரு கேள்வி)

வார்டு3 | ஜூன் 9, இரவு 9.10

எங்கள் வார்டில் 26 பெட். சர்ஜரியும் மெடிசினும் கலந்தது. நைட்டில் இரண்டே ஸ்டாஃப். காலை ஏழரைக்கு ஓவர் கொடுக்கிற நேரத்தில்தான் சாம்பிள் எடுப்பது, ஸ்பாஞ்ச் பாத், சர்ஜன் ரவுண்ட்ஸ் எல்லாம் மொத்தமாக வந்து விழும். அதனால் ஆறே முக்காலுக்கே நைட் சீனியர் ஸ்டேஷனில் உட்கார்ந்து வார்டு போனில் எல்லா பெட்டையும் பற்றிப் பேசிப் பதிவு செய்துவிடுகிறார். இருபது நிமிடத்துக்குக் குறையாது. நான் ஏழு மணிக்கு வந்து அதைக் கேட்டு, மார்னிங் ஸ்டாஃப் கையில் எழுத்தாகக் கொடுக்க வேண்டும்.

கேட்டதைக் கேட்ட வரிசையில் எழுதினால் நான்கு பக்கம் வருகிறது, யாரும் படிப்பதில்லை. சுருக்கினால் எதையோ விட்டுவிடுகிறேனோ என்று பயம். யாராவது இதைச் செய்கிறீர்களா? எந்த வடிவத்தில் எழுதுகிறீர்கள்?

குவாலிட்டி_தம்பி | ஜூன் 9, இரவு 9.32

இதற்கெல்லாம் எப்போதோ விடை வந்துவிட்டது மேடம். எஸ்பார் போடுங்கள். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. ஒவ்வொரு பெட்டுக்கும் நான்கு கட்டம். கேட்டுக்கொண்டே நிரப்பிவிடலாம். ஆடிட்டில் கேட்டாலும் காட்டலாம்.

வார்டு3 | ஜூன் 9, இரவு 9.50

26 பெட், நான்கு கட்டம், மொத்தம் 104 கட்டம். கையில் இருப்பது அரை மணி நேரம். தம்பி ஒருநாள் ஏழு மணிக்கு வார்டுக்கு வாருங்கள், டீ வாங்கித் தருகிறேன்.

பழைய_மேட்ரன் | ஜூன் 10, காலை 6.15

எஸ்பார் நல்ல கருவிதான். ஆனால் அது எதற்கு வந்தது என்று பார்க்க வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்த பழக்கத்தை கொலராடோவில் கெய்சர் பெர்மனென்ட்டே மருத்துவமனைக்காரர்கள் எடுத்து வந்தார்கள். ஒரு நோயாளி, ஒரு பிரச்சினை, டாக்டரை எழுப்பி இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு அதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வார்டு முழுவதற்கும் அதைப் போட்டால், மாற்றமே இல்லாத பெட்டுக்கும் நான்கு கட்டம் நிரப்ப வேண்டியிருக்கும். காலியாக விட மனம் வராது. "நார்மல்" என்று எழுதுவீர்கள். நைட் சிஸ்டர் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார். ரெக்கார்டிங்கிலிருந்து எழுதும்போது நடக்கிற பெரிய தப்பு அதுதான்: கட்டம் கேட்கிறதே என்று இல்லாத தகவலை எழுதிவிடுவது.

26 பெட்டில் ஒரு காலையில் உண்மையாக எழுத வேண்டியது ஆறோ ஏழோதான் இருக்கும். மற்றவர்களுக்கு ஒரு வரி போதும். யார் அந்த ஆறேழு பேர் என்று கண்டுபிடிப்பதில்தான் உங்கள் அரை மணி நேரம் போக வேண்டும். நிஜமாக ஒரு பெட்டைப் பற்றி என்ன பேசியிருக்கிறார் என்று பேச்சு மாறாமல் போடுங்கள், அடையாளம் தெரியாமல். அப்புறம் பேசலாம்.

மில்_சூப்பர்வைசர் | ஜூன் 10, காலை 8.40

ஸ்பின்னிங் மில்லில் மூன்று ஷிஃப்ட் ஓட்டுகிறேன். எங்களுக்கும் இதே தொல்லைதான். எந்த ஃபிரேம் நின்றது, எத்தனை கிலோ எடுத்தோம் என்று ரிஜிஸ்டரில் எழுதுகிறோம். வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் போட்டால் எல்லோரும் கேட்டுக்கொள்வார்களே, எதற்கு எழுத வேண்டும்?

வார்டு3 | ஜூன் 10, மதியம் 2.30

அண்ணே, ஃபிரேமுக்கு பேரும் நோயும் கிடையாது. நோயாளி விஷயம் வாட்ஸ்அப்பில் போனால் என் வேலை போகும்.

மேட்ரன் மேடம், இதோ பெட் 14. விவரங்களை மாற்றியிருக்கிறேன், பேச்சு அப்படியே:

"பதினாலு, ஐயா, லேப்ராட்டமி, அஞ்சாவது நாள். நைட் ஓகேதான். பி.பி. கொஞ்சம் கம்மியா இருந்துச்சு, டியூட்டி டாக்டர்ட்ட சொல்லி ஒரு பாட்டில் ஓட்டுனோம், வந்துருச்சு. யூரின் கொஞ்சம் கம்மி. டிரெயின் நூத்தம்பது. ஜுரம் இருந்துச்சு, பாரா குடுத்தாச்சு. பொட்டாசியம் அனுப்பியாச்சு… இல்ல இல்ல, அனுப்பணும், அது பதினாறு. ஐயாவோட பொண்ணு ட்ரெஸ்ஸிங் நனைஞ்சிருக்குன்னு ஒரே சத்தம். சார் ரவுண்ட்ஸ்ல பாத்துப்பாங்க. ஆன்டிபயாடிக் டியூ இருக்கு. அவ்ளோதான், பதினஞ்சு…"

நாற்பது விநாடி. இதை நான் எழுதியது: "POD 5, பி.பி. குறைந்து சரியானது, ஜுரம், பாரா கொடுக்கப்பட்டது, டிரெயின் 150, டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும், ஆன்டிபயாடிக் டியூ."

குவாலிட்டி_தம்பி | ஜூன் 10, மதியம் 3.05

நீங்கள் எழுதியது நன்றாகத்தானே இருக்கிறது? "டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும்" என்பதுதான் பரிந்துரைக் கட்டம். பொட்டாசியத்தில் குழப்பமே இல்லை. பேசுகிறவர் தன்னைத் திருத்திக்கொண்டால் கடைசியாகச் சொன்னதுதான் செல்லும். பெட் 16-க்கு அனுப்பணும், முடிந்தது.

பழைய_மேட்ரன் | ஜூன் 10, இரவு 8.20

தம்பி, அந்தப் பொட்டாசியம் வரியை இன்னொரு முறை படியுங்கள். அதை இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம். பேசியது முழுக்க 16-ஐப் பற்றி, தவறி 14-இல் சொல்லிவிட்டார், அதுவும் இன்னும் போகவில்லை என்பது ஒன்று. 14-க்கு அனுப்பியாயிற்று, அனுப்ப வேண்டியது 16-க்கு மட்டும் என்பது இன்னொன்று. முதலாவது சரியென்றால் 14-க்கு சாம்பிளே போகவில்லை. எத்தனை தடவை திருப்பிப் போட்டுக் கேட்டாலும் ஆடியோ இதற்குப் பதில் சொல்லாது. லேப் ரிஜிஸ்டர் சொல்லும். கடைசியாகச் சொன்னது செல்லும் என்பது பாதி சரி. திருத்தம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெளிவாக இருந்தால் மட்டும் செல்லும். இல்லையென்றால் எழுதுகிறவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. "14, 16 இரண்டுக்கும் பொட்டாசியம் சாம்பிள் போனதா, லேபில் கேட்க" என்று கேள்வியாகவே எழுத வேண்டும்.

இப்போது வார்டு3 எழுதியதற்கு வருகிறேன். மேடம், யூரினையும் பொட்டாசியத்தையும் விட்டுவிட்டீர்கள். எழுதியதையும் உதிரியாக வைத்துவிட்டீர்கள். வயிறு திறந்து ஐந்தாவது நாள், பி.பி. இறங்கியது, யூரின் குறைவு, ஜுரம், காயம் நனைகிறது. இந்த ஐந்தையும் ஒரே வரியில் சேர்த்து வைத்துப் பாருங்கள். எந்த சர்ஜனும் ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க மாட்டார். நைட் சிஸ்டர் "ஓகேதான்" என்று தொடங்கியதால் கேட்கிறவர் காது அங்கேயே தளர்ந்துவிடுகிறது. ஓகே, நல்லா இருக்காங்க, ஸ்டேபிள் இதெல்லாம் அவரவர் கருத்து, அளவு கிடையாது. நோட்ஸில் ஏற்றக் கூடாது.

அப்புறம் அந்த ட்ரெஸ்ஸிங். நோயாளியின் மகள் சத்தம் போட்டார் என்பது சண்டையாகக் காதில் விழுகிறது. எனக்கு அது அறிகுறி. என்ன நிறத்தில் நனைந்தது என்று யாராவது பார்த்தார்களா? வெளிர் சிவப்பாகத் தண்ணீர் போல ஊறி நனைந்தால், தையல் உள்ளே விட்டுக்கொண்டிருக்கலாம். ஒரு வாரத்துக்குள் வயிறு பிரிந்த கேஸ்களை நான் பார்த்திருக்கிறேன். முந்தைய இரவு டிரெஸ்ஸிங் நனைந்திருந்தது என்று பின்னால்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். "டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும்" என்று அவர் சொல்லவில்லை, நீங்கள் சேர்த்தது. அதைப் படிக்கிற ஜூனியர் மாற்றிவிட்டு நனைந்த காஸை பக்கெட்டில் போட்டுவிடுவாள். சர்ஜன் பார்க்க ஒன்றும் இருக்காது.

வார்டு3 | ஜூன் 10, இரவு 10.45

அன்று காலை சார்ட்டோடு வைத்துப் பார்த்ததை எழுதுகிறேன்.

இரவு 2 மணிக்கு பி.பி. 92/58, பல்ஸ் 114. நார்மல் சலைன் 500 மில்லி ஓடிய பிறகு 3.15-க்கு 102/64. "வந்துருச்சு" என்றது இதைத்தான். ஆனால் 6 மணிக்கு மறுபடி 98/60, பல்ஸ் 112, மூச்சு 22, டெம்பரேச்சர் 100.8, சாச்சுரேஷன் காற்றிலேயே 96. இதை ரெக்கார்டிங்கில் சொல்லவே இல்லை. யூரின் இரவு 10 முதல் காலை 6 வரை 110 மில்லி.

லேபில் கேட்டதில் 14-க்கு சாம்பிள் 5.40-க்குப் போயிருக்கிறது. 16-க்குப் போகவில்லை. ஆக மேடம் சொன்ன இரண்டாவது வாசிப்புதான் சரி.

லீட்ஸ்_வாசி | ஜூன் 11, அதிகாலை 3.20

நைட் டியூட்டி பிரேக்கில் எழுதுகிறேன். இங்கே இங்கிலாந்தில் நியூஸ்-2 என்று ஒரு மதிப்பெண் போடுகிறோம், 2017-இலிருந்து. உங்கள் 6 மணி அளவுகளுக்கு நான் போட்டுப் பார்த்தேன். மூச்சு 22-க்கு 2, மேல் பி.பி. 98-க்கு 2, பல்ஸ் 112-க்கு 2, ஜுரம் செல்சியஸில் 38.2 வரும், அதற்கு 1. நினைவு தெளிவு என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் 7. இங்கே 7 வந்தால் அவசர டீமைக் கூப்பிட வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பயமுறுத்தவில்லை பாருங்கள், எல்லாம் "கொஞ்சம்".

யூரினும் அப்படித்தான். ஐயா 60 கிலோ இருப்பார் என்றால் மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும், எட்டு மணி நேரத்துக்கு 240. வந்தது பாதிகூட இல்லை.

எங்களிடம் அச்சிட்ட ஹேண்டோவர் ஷீட் இருக்கிறது. ஆளுக்கொன்று, மடித்து யூனிஃபார்ம் பாக்கெட்டில். ஷிஃப்ட் முடிந்ததும் ரகசியக் குப்பைப் பெட்டியில் போட்டே ஆக வேண்டும். அதைப் பாக்கெட்டிலேயே வீட்டுக்குக் கொண்டுபோய் வாஷிங் மெஷினில் போட்டவர்கள் ஏராளம்.

குவாலிட்டி_தம்பி | ஜூன் 11, காலை 10.10

சரி, எஸ்பாரை விடுகிறேன். ஐ-பாஸ் எடுத்துக்கொள்ளலாம். அதில் முதல் எழுத்தே நோயின் தீவிரம்தான். 2014-இல் ஆய்வு வந்தது, நர்ஸ்கள் அதைப் பயன்படுத்தியதில் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன.

லீட்ஸ்_வாசி | ஜூன் 11, மாலை 5.00

23 சதவீதம் சரி. ஆனால் நர்ஸ்கள் இல்லை தம்பி, குழந்தைகள் மருத்துவத்தில் பயிற்சி டாக்டர்கள், ஒன்பது மருத்துவமனைகளில். அவர்களுக்கு வகுப்பு எடுத்து, கூடவே இருந்து பார்த்துத் திருத்தியும் இருக்கிறார்கள். தாளை மாற்றியதால் மட்டும் வந்த எண் இல்லை. அதோடு ஐ-பாஸின் கடைசி எழுத்து, வாங்கிக்கொள்கிறவர் கேட்டதைத் திருப்பிச் சொல்வது. ரெக்கார்டிங்கிடம் யார் திருப்பிச் சொல்வது?

பழைய_மேட்ரன் | ஜூன் 11, இரவு 7.45

வெளிநாட்டில் ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டரில் ஓவர் கொடுப்பது சாதாரணம். அதை விட்டு பெட் அருகே நின்று பேசுவதற்கு மாறியதற்கு லீட்ஸ்_வாசி சொன்னதுதான் காரணம்: டேப்பிடம் கேள்வி கேட்க முடியாது. இன்னொன்று, பேசிய நேரத்துக்கும் கேட்கிற நேரத்துக்கும் நடுவே நோயாளி மாறிவிடுவார். வார்டு3-இல் ஆறே முக்காலிலிருந்து ஏழரை வரை முக்கால் மணி நேரம். அதனால் தாளின் மேலே "பதிவு 6.45" என்று போட்டு, அடியில் "அதற்குப் பிறகு" என்று ஒரு இடம் விடுங்கள். அதை நைட் சிஸ்டர் கிளம்பும் முன் தன் கையால் எழுதட்டும். ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்று எழுதட்டும். காலியாக விடக் கூடாது.

பெட் 14-ஐ நான் எழுதினால் இப்படி இருக்கும்:

பெட் 14 (பெயர், யு.எச்.ஐ.டி. ஸ்டிக்கர்). முதலில் பார்க்க.
ஏன்: லேப்ராட்டமி 5-ஆம் நாள். 2 மணிக்கு 92/58, 500 மில்லி சலைனுக்குப் பின் 102/64, 6 மணிக்கு மறுபடி 98/60, பல்ஸ் 112, மூச்சு 22, 100.8 (சார்ட்). யூரின் 8 மணி நேரத்தில் 110.
இப்போதே: சர்ஜரி டியூட்டி டாக்டருக்கு போன். டிரெஸ்ஸிங்கைப் பார்த்து நிறம், அளவு சொல்ல. டாக்டர் பார்க்கும் வரை நனைந்த காஸை எறிய வேண்டாம்.
நேரத்துக்கு: ஆன்டிபயாடிக், பெயர், டோஸ், நேரம் மருந்து சார்ட் பார்த்து. பொட்டாசியம் ரிசல்ட் வாங்க (சாம்பிள் 5.40).
சொல்லவில்லை: டிரெயின் 150 எத்தனை மணி நேரத்தில், என்ன நிறம். பாரா எப்போது, யார் கொடுத்தது. 3.15-க்குப் பின் டாக்டர் மறுபடி பார்த்தாரா.
குடும்பம்: டிரெஸ்ஸிங் நனைவதை மகள்தான் முதலில் கவனித்தார்.

கவனியுங்கள், "சொல்லவில்லை" என்பதுதான் நைட் சிஸ்டர் கிளம்பும் முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள். அவர் பைக் சாவியை எடுப்பதற்குள் அதை முடித்துவிட வேண்டும்.

கோவைக்காரன் | ஜூன் 12, காலை 9.00

நான் நர்ஸ் இல்லை, நோயாளி வீட்டு ஆள். அம்மாவை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது காலையில் நைட் சிஸ்டர் இன்சுலின் போட்டுவிட்டுப் போனார். புது சிஸ்டர் வந்து தாளைப் பார்த்து மறுபடி போட்டுவிட்டார். தாளில் "இன்சுலின் 8" என்று மட்டும் இருந்தது. பத்து மணிக்கு அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது, சுகர் 52. குளுக்கோஸ் ஏற்றிச் சரியானார். உங்கள் தாளில் போட்டது எது, போட வேண்டியது எது என்று எங்களைப் போன்றவர்கள் பார்த்தாலும் தெரிகிற மாதிரி எழுதுங்கள்.

பழைய_மேட்ரன் | ஜூன் 12, காலை 11.30

கோவைக்காரன் சொன்னதை எல்லோரும் கவனியுங்கள். "இன்சுலின் 8" என்பதில் வினையே இல்லை. நைட்டில் பேசும்போது தூக்கக் கலக்கத்தில் வார்த்தையின் வாலை வாய் விழுங்கிவிடும், குடுத்தாச்சா குடுக்கணுமா என்று பாதி நேரம் காதில் விழாது. அதனால் செய்ததையும் செய்ய வேண்டியதையும் ஒரே வரியில் எழுதவே கூடாது. செய்ததற்கு நேரமும் கையெழுத்தும் மருந்து சார்ட்டில் இருக்கும். சார்ட்டில் கையெழுத்து இல்லையென்றால், ஆடியோ என்ன சொன்னாலும், "கொடுத்ததா, நைட்டைக் கேட்க" என்றுதான் எழுத வேண்டும். கொடுத்ததாக நினைத்து விட்டாலும் ஆபத்து, கொடுக்கவில்லை என்று நினைத்து இன்னொரு முறை போட்டாலும் ஆபத்து.

டோஸை ஆடியோவிலிருந்து எடுக்கவே கூடாது என்பது என் கட்சி. ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஃபேன் சத்தத்தில் ஒன்றுதான். "லேசிக்ஸ் ஒரு ஆம்பூல்" என்பார்கள், 2 மில்லி ஆம்பூலில் 20 மில்லிகிராம், 4 மில்லியில் 40. இன்சுலினில் இன்னும் மோசம். நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் உண்டு, 100 யூனிட் குப்பியும் உண்டு, சிரிஞ்சும் அப்படியே இரண்டு வகை. மாற்றி எடுத்தால் இரண்டரை மடங்கு. தாளில் "இன்சுலின், டோஸ் சார்ட் பார்க்க, காலை டோஸ் 7.10-க்குப் போட்டாயிற்று, கையெழுத்து உண்டு" என்றால் போதும்.

நைட்_சிஸ்டர் | ஜூன் 12, மதியம் 12.40

தூக்கம் வரவில்லை, அதனால் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் நைட்டில் பேசுகிறவளைத்தான் குறை சொல்கிறீர்கள். பன்னிரண்டு மணி நேரம் ஓடிவிட்டு ஆறே முக்காலுக்கு ஒரு போனைப் பார்த்து 26 பேரைப் பற்றிப் பேசிப் பாருங்கள். எதிரே ஆள் நின்றால் அவள் முகம் சுருங்குவதைப் பார்த்து "ஆமா, அந்த டிரெயின் ரத்தமா இருந்துச்சு" என்று எனக்கே ஞாபகம் வரும். போன் முகம் சுருக்காது.

இன்னொன்று. "ஓகேதான்" என்பதை ஏற்றக் கூடாது என்று மேடம் சொன்னது சரி. ஆனால் அதே கத்தரியால் "எனக்கு என்னமோ ஐயா முகமே சரியில்லை" என்பதையும் வெட்டிவிடுகிறார்கள். அளவு இல்லை, கருத்துதான் என்று. எனக்கு நடந்திருக்கிறது. நான் சொன்னதில் முக்கியமானதே அதுதான், தாளில் அது வரவில்லை. அந்த அம்மாவை மத்தியானம் ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்கள்.

பழைய_மேட்ரன் | ஜூன் 12, மாலை 4.15

இதை ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்னதற்கு ஒரு விலக்கு போட்டுக்கொள்ளுங்கள். "நன்றாக இருக்கிறார்" என்பதை விடுங்கள், "சரியில்லை" என்பதை அவர் சொன்ன வார்த்தையிலேயே மேற்கோள் குறி போட்டு எழுதுங்கள். சமாதானம் சொல்கிற கருத்துக்கு ஆதாரம் கேட்க வேண்டும், கவலைக்குக் கேட்க வேண்டியதில்லை. நர்ஸுக்குக் கவலையாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்கு அவசர டீமைக் கூப்பிடலாம் என்று விதி வைத்திருக்கிற மருத்துவமனைகள் பல உண்டு.

லீட்ஸ்_வாசி | ஜூன் 12, இரவு 11.50

எங்களிடமும் அப்படித்தான். மதிப்பெண் குறைவாக இருந்தாலும் கவலை இருந்தால் கூப்பிடலாம்.

மில்_சூப்பர்வைசர் | ஜூன் 13, காலை 7.55

எங்கள் ரிஜிஸ்டரில் ஒன்று உண்டு, உதவுமா பாருங்கள். மெஷின் நம்பர் வரிசையில் எழுத மாட்டோம். நின்ற மெஷின் முதலில், சத்தம் போடுகிற மெஷின் அடுத்து, ஓடுகிறது கடைசியில். நீங்கள் பெட் 1-இல் தொடங்கினால் 14-க்கு வருவதற்குள் பெல் அடித்துவிடாதா?

வார்டு3 | ஜூன் 13, மதியம் 2.10

அண்ணே, மன்னிக்கணும், முதல் நாள் உங்களைக் கிண்டல் செய்தேன். இதைத்தான் இன்று செய்து பார்த்தேன்.

முதல் தடவை எழுதாமல் கேட்டேன், கையில் பெட் நம்பர் மட்டும் அச்சடித்த தாள். எங்கே காது நிமிர்ந்ததோ அந்த நம்பரில் ஒரு வட்டம், பக்கத்தில் ஆடியோ நிமிடம். ஏழு வட்டம் வந்தது. அந்த ஏழை மட்டும் திரும்பப் போட்டுக் கேட்டு, சார்ட்டோடு ஒப்பிட்டு, மேடம் சொன்ன மாதிரி எழுதினேன். மீதி 19-க்கு ஒரு வரி. மொத்தம் ஒன்றரைப் பக்கம். நேரம்தான் இடிக்கிறது, முடிக்கும்போது 7.40. நாளை முதல் நைட்டை ஆறரைக்கே பேசச் சொல்லலாமா என்று பார்க்கிறேன். ஆனால் முன்னால் தள்ளினால் பழசாகும் நேரமும் கூடும். எது மேல் என்று தெரியவில்லை.

இன்னொரு சிக்கல். தீவிரத்தின் வரிசையில் எழுதியதால் ஸ்டாஃப் தங்கள் பெட்டைத் தேடுகிறார்கள். 11 முதல் 18 வரை பார்க்கிறவளுக்குத் தன் நோயாளிகள் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கிறார்கள்.

நைட்_சிஸ்டர் | ஜூன் 13, மாலை 6.00

பெட் வரிசையிலேயே எழுதி, வட்டம் போட்டவர்களை மேலே ஒரே வரியில் நம்பராக மட்டும் போடுங்கள்: "முதலில்: 14, 9, 22." முடிந்தது.

குவாலிட்டி_தம்பி | ஜூன் 13, மாலை 6.40

போனில் பேசுவதை அப்படியே எழுத்தாக்கும் வசதி வந்துவிட்டதே, தமிழும் ஆங்கிலமும் கலந்தே எழுதுகிறது. நேரம் மிச்சமாகுமே?

வார்டு3 | ஜூன் 13, இரவு 9.30

பார்த்தேன் தம்பி. வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் காதில் தெளிவாக விழாததை விழவில்லை என்று சொல்வதில்லை, ஏதோ ஒரு வார்த்தையைப் போட்டு வாக்கியத்தை முடித்துவிடுகிறது. "ஜுரம் இல்ல" என்று அவர் முணுமுணுத்தது "ஜுரம்" என்று வந்தது. நான் தப்பாகக் கேட்டால் அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டு வைப்பேன். அது அச்சடித்த மாதிரி சுத்தமாக வருவதால் சந்தேகமே வர மாட்டேன் என்கிறது. எந்த நிமிடத்தில் எந்த பெட் என்று தேடுவதற்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். அதற்கும் அந்த ஆடியோ யாருடைய சர்வருக்குப் போகிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

பழைய_மேட்ரன் | ஜூன் 14, காலை 6.30

அது பெரிய கேள்வி. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நோயாளி தகவலுக்கும்தான். வார்டு போன் என்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. ரெக்கார்டிங்கை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று எழுதி வைத்த விதி உங்களிடம் இருக்கிறதா?

நைட்_சிஸ்டர் | ஜூன் 14, காலை 8.50

தாளில் கையெழுத்து யாருடையது? நான் பேசியதை இன்சார்ஜ் எழுதினால், அதில் தவறு வந்தால் என் பெயர்தான் போகும். படித்துப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். படித்துப் பார்க்க என்றால் ஏழே முக்கால் வரை நிற்க வேண்டும், அந்த பஸ் போய்விடும்.

பழைய_மேட்ரன் | ஜூன் 14, காலை 10.20

முழுவதும் படிக்க வேண்டாம். வட்டம் போட்டவர்களையும் "சொல்லவில்லை" வரிகளையும் மட்டும். மூன்று நிமிடம். கேஸ் ஷீட்டில் நீங்கள் எழுதுகிற நர்ஸஸ் நோட்ஸ்தான் ரெக்கார்ட். இந்தத் தாள் அன்றைய வேலைக்கு மட்டும், கோப்பில் போகக் கூடாது.

குவாலிட்டி_தம்பி | ஜூன் 14, காலை 10.45

இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் மேடம். ஆடிட்டில் ஓவர் கொடுத்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள். தாளை அழித்துவிட்டால் எதைக் காட்டுவது?

பழைய_மேட்ரன் | ஜூன் 14, காலை 11.00

ஓவர் ரிஜிஸ்டரில் நேரம், கொடுத்தவர், வாங்கியவர் கையெழுத்து. அதைக் காட்டுங்கள்.

குவாலிட்டி_தம்பி | ஜூன் 14, காலை 11.10

என்ன சொன்னார்கள் என்பது அதில் இருக்காதே.

வார்டு3 | ஜூன் 14, இரவு 8.00

சூப்பரின்டென்டென்ட்டிடம் பேசினேன். ஆடியோ அடுத்த நைட் ஓவர் முடியும் வரை இருக்கும், பிறகு அழிக்க வேண்டும், அழித்ததை ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். தாளை வைப்பதா கிழிப்பதா என்பதற்கு அவரும் பதில் சொல்லவில்லை, கமிட்டியில் கேட்கிறேன் என்றார். எம்.எல்.சி. கேஸ்களைப் பற்றி ரெக்கார்டிங்கில் பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார். எங்களிடம் இப்போது அப்படி இரண்டு பெட். அந்த இரண்டுக்கும் நேரில் ஓவர். நைட்_சிஸ்டர் சொன்ன பஸ் பிரச்சினைக்கு, நைட் ஸ்டாஃபில் ஒருவர் மட்டும் எட்டு வரை நின்று, மறுநாள் அவருக்கு அரை மணி தாமதமாக டியூட்டி என்று கேட்டிருக்கிறேன்.

பெட் 14 ஐயாவைப் பற்றி உள்டப்பியில் கேட்டவர்களுக்கு: அன்று காலை சர்ஜன் வந்து டிரெஸ்ஸிங்கைப் பார்த்ததும் தியேட்டருக்கு எடுத்துவிட்டார். இப்போது ஐ.சி.யு.வில் இருக்கிறார். அதற்கு மேல் எதுவும் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.